கேகேஆர் கணக்கில் 6 கோடி எங்கே போனது?

ஈசூன்காரன் | 14 டிசம்பர் 2025, இரவு 9.40

செவ்வாய்க்கிழமை அபுதாபியில் ஐபிஎல் ஏலம். நம்ம சிங்கப்பூர் நேரம் மாலை 5 மணிக்கு ஆரம்பம். அதற்குள் ஒரு கணக்கு எனக்குப் புரிந்தாக வேண்டும்.

கொல்கத்தா அணியான கேகேஆர் கையில் 64.30 கோடி இருக்கிறது, பத்து அணிகளில் இதுதான் அதிகம் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள். சரி, நானே கூட்டிப் பார்த்தேன். அவர்கள் வைத்துக்கொண்டது 12 பேர். ரிங்கு சிங் 13, வருண் சக்கரவர்த்தி 12, சுனில் நரைன் 12, ஹர்ஷித் ராணா 4, ரமன்தீப் 4. இது 45 கோடி. அப்புறம் ரகுவன்ஷி 3, வைபவ் அரோரா 1.80, ரஹானே 1.50, ரோவ்மன் பவல் 1.50, உம்ரான் மாலிக் 75 லட்சம், மனீஷ் பாண்டே 75 லட்சம், அனுகூல் ராய் 40 லட்சம். இது 9.70. மொத்தம் 54.70 கோடி.

ஓர் அணிக்கு இந்த வருடம் 125 கோடி. அதில் 54.70 போனால் 70.30 மிச்சம் இருக்க வேண்டும். 64.30 என்கிறார்கள். சரியாக 6 கோடி குறைகிறது. மற்ற அணிகளுக்கும் கூட்டினேன், சென்னை அணியான சிஎஸ்கேவின் 43.40 சரியாக வருகிறது. இங்கே மட்டும் ஏன் இடிக்கிறது?

மஞ்சள் சட்டை | 14 டிசம்பர், இரவு 10.05

அபராதமாக இருக்கும். இல்லாவிட்டால் போன வருடம் செலவு செய்யாமல் விட்டதை இந்த வருடம் கழித்திருப்பார்கள். அது இருக்கட்டும், எங்கள் சிஎஸ்கே ஆள்கள் பத்திரனாவை 13 கோடியிலிருந்து விடுவித்ததைப் பார்த்தீர்களா? அந்த 13 கோடி கைக்கு வந்துவிட்டது. ஏலத்தில் ஏழு, எட்டுக்கு வேறு யாராவது கேட்டால் ஆர்டிஎம் அட்டையைக் காட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அஞ்சு கோடி லாபம்.

கணக்கப்பிள்ளை | 14 டிசம்பர், இரவு 11.20

அபராதம் இல்லை. அந்த 6 கோடியின் கதை 2024 அக்டோபரில் ஆரம்பிக்கிறது.

எல்லா அணிகளும் பெரும்பாலான வீரர்களை விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டும் மெகா ஏலத்துக்கு முன்னால் ஆறு பேர் வரை தக்கவைக்கலாம் என்றார்கள். நாட்டுக்கு ஆடியவர்கள் என்றால் ஐந்து பேர் வரை. அந்த ஐந்து பேருக்கும் படி வைத்தார்கள்: முதல் ஆளுக்கு 18, இரண்டாவது ஆளுக்கு 14, மூன்றாவதுக்கு 11, நாலாவதுக்கு மறுபடி 18, ஐந்தாவதுக்கு 14. நாட்டுக்கு ஆடாதவருக்கு 4 கோடி. வீரருக்கும் அணிக்கும் பேசி முடித்த சம்பளம் இதற்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். ஆனால் கையிருப்பிலிருந்து கழிக்கும்போது படிக்கணக்கின் கூட்டுத்தொகை, பேசிய சம்பளத்தின் கூட்டுத்தொகை, இரண்டில் எது பெரிதோ அதைத்தான் கழிப்பார்கள்.

அப்போது கேகேஆர் தக்கவைத்த நாட்டு வீரர்கள் நாலு பேர். ரிங்கு 13, வருண் 12, நரைன் 12, ரசல் 12. பேசிய சம்பளம் 49. படிக்கணக்கில் 18, 14, 11, 18 ஆக 61. எனவே கழித்தது 61. ஹர்ஷித், ரமன்தீப் இருவருக்கும் 8. மொத்தம் 69 போய், 120 கோடியில் 51 கோடியோடு ஜெத்தாவில் நடந்த அந்த ஏலத்துக்குப் போனார்கள். வீரர்களுக்குக் கொடுத்தது 57 கோடிதான். 12 கோடி யார் கைக்கும் போகவில்லை, ஏலத்தில் செலவு செய்யும் உரிமை மட்டும் போனது.

இப்போது ரசல் இல்லை. மூன்று பேர் மிச்சம். அவர்களுக்கான படி 18, 14, 11 ஆக 43. சம்பளம் 37. வித்தியாசம் 6. உங்கள் 6 கோடி அதுதான்.

கணக்கப்பிள்ளை | 14 டிசம்பர், இரவு 11.31

ஆர்டிஎம் பற்றி: இப்போது நடப்பதுபோல இடையில் வரும் மினி ஏலத்தில் அது கிடையாது. போன மெகா ஏலத்தில் இருந்தது, அதுவும் ஆறு இடத்தில் தக்கவைத்தது போக மிச்சம் இருந்த எண்ணிக்கைக்கு மட்டும். பத்திரனாவைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் சிஎஸ்கேயும் மற்றவர்களைப் போலக் கை தூக்கித்தான் ஆக வேண்டும்.

ஈசூன்காரன் | 15 டிசம்பர், காலை 7.15

எம்ஆர்டியில் நின்றுகொண்டே மறுபடி கூட்டினேன். 43 + 8 + 9.70 = 60.70. 125 − 60.70 = 64.30. காசு சுத்தமாகப் பொருந்துகிறது.

இதில் எனக்குப் பிடிபட்டது வேறு ஒன்று. ரசலுக்கு 12 கோடி சம்பளம். அவரை விட்டதும் கேகேஆர் கழிவில் குறைந்தது 12 அல்ல, 18. நாலு பேர் இருந்தபோது படி 61, மூன்று பேர் ஆனதும் 43. ஆக அவர் போனதால் வந்த இடம் அவருடைய சம்பளத்தைவிட 6 கோடி அதிகம். நாலாவது ஆளுக்கு விலை மறுபடி 18க்கு ஏறியிருந்ததன் பலன் இப்போது தெரிகிறது.

இன்னொரு கேள்வி. இப்படி ஒரு விதி எதற்கு? பேசிய சம்பளத்தைக் கழித்துவிட்டுப் போகலாமே.

பிடோக் கீப்பர் | 15 டிசம்பர், மதியம் 12.50

எதற்கு என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் கம்பெனி லீக்கில் அந்த விதி இல்லாமல் நாங்கள் பட்ட பாடு அப்படி.

எங்கள் லீக்கில் ஆறு அணி. ஒவ்வொரு அணிக்கும் 1000 புள்ளி. 12 பேர் வேண்டும். தலைவர் இலவசம், மிச்சம் 11 பேரை ஏலத்தில் எடுக்க வேண்டும். அடிப்படை விலை 20 புள்ளி. இரண்டு அணிக்குத் தலைவர் யாரென்றால் லீக்கிலேயே நல்ல பேட்ஸ்மேன் இரண்டு பேர். அவர்கள் இலவசமாக வந்துவிட்டார்கள், ஆயிரம் புள்ளியும் அப்படியே கையில். எங்கள் தலைவர் நல்ல மனிதர், பந்தைக் கண்டால் மட்டும் ஒதுங்குவார். அவரும் இலவசம்தான். நாங்களும் அவர்களும் சமமாம்.

அதை ஈடுகட்ட எங்கள் ஆள் முதல் மூன்று வீரர்களை எடுக்க 850 புள்ளியை இறைத்துவிட்டார். மிச்சம் 150. இன்னும் எட்டுப் பேர் வேண்டும். எட்டுக்கு இருபது 160. பத்துப் புள்ளி இல்லாமல் ஏழு பேரோடு நிறுத்தினோம். தலைவரோடு சேர்த்துச் சரியாகப் பதினொரு பேர். ஒருவருக்கு இரவு ஷிப்ட் வந்த வாரங்களில் பத்துப் பேரோடு ஆடினோம்.

மஞ்சள் சட்டை | 15 டிசம்பர், மதியம் 1.10

கீப்பர் அண்ணே, இது ஐபிஎல் இழை.

கணக்கப்பிள்ளை | 15 டிசம்பர், இரவு 8.45

அவர் சொன்னது இழைக்கு வெளியே இல்லை தம்பி. ஈசூன்காரன் கேட்ட கேள்விக்கு நேரான பதில் அது.

பேசிய சம்பளத்தை மட்டும் கழிப்பதாக இருந்தால், ஒரு அணி தன் பெரிய வீரரிடம் போய், "நீ 5 கோடிக்குக் கையெழுத்துப் போடு, மிச்சத்தை வேறு வழியில் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லத் தோன்றும். வீரருக்கும் அந்த ஊர் பிடித்திருக்கிறது, விளம்பரம் வருகிறது என்றால் ஒத்துக்கொள்வார். அந்த அணி ஏலத்துக்குப் போகும்போது கை நிறையப் பணம். படிக்கணக்கு இருந்தால் அந்தப் பேச்சில் பயனே இல்லை, எப்படியும் 18 கழியும். கீப்பர் லீக்கில் அந்த இரண்டு தலைவர்கள் இலவசமாக வந்தது இதே ஓட்டைதான்.

ஒரு வீரருக்குப் படியைவிட அதிகம் கொடுக்க அணிகளுக்குத் தடை இல்லை. ஹைதராபாத் 2024இல் கிளாசனுக்கு 23 கோடி கொடுத்தது. கம்மின்ஸ் 18, அபிஷேக் சர்மா 14, ஹெட் 14, நிதிஷ் ரெட்டி 6. கூட்டினால் 75. ஐந்து பேருக்கான படியும் 75. மொத்தத்துக்குள் ஒருவருக்குக் கூட்டி ஒருவருக்குக் குறைத்துக்கொண்டார்கள், ஒரு ரூபாய் வீணாகவில்லை. கேகேஆர் அப்படிப் பங்கிடாமல் 12 கோடியை விட்டுவிட்டது.

ஈசூன்காரன் | 15 டிசம்பர், இரவு 9.30

கேகேஆர் முதலாளிகளுக்குக் கணக்குத் தெரியாமலா இருக்கும்? 57 கோடி கொடுத்தால் போதும் என்று கையிலிருந்து போகும் பணத்தைப் பார்த்திருக்கலாம். அப்படியென்றால் ஏலத்துக்குக் கழியும் தொகை வேறு, வங்கியிலிருந்து போகும் தொகை வேறு. இதுவரைக்கும் இரண்டும் ஒன்றுதான் என்ற நினைப்பிலேயே ஏலம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செங்காங் அம்மா | 15 டிசம்பர், இரவு 10.15

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கே வருகிறேன். என் பையன் தேசிய சேவை முடிக்கப் போகிறான். வேகப்பந்து போடுவான், கிளப்பில் ஆடுகிறான். நாமெல்லாம் தமிழர்கள்தானே, அவன் ஏலத்தில் பெயர் கொடுத்தால் இந்திய வீரர் கணக்கில் வருவானா? அடிப்படை விலை நாமே போடலாம் என்கிறார்களே, எவ்வளவு போட வேண்டும்?

கணக்கப்பிள்ளை | 15 டிசம்பர், இரவு 10.50

இல்லைங்க அக்கா. தமிழரா என்பது கணக்கில் வராது. சிங்கப்பூர் வீரர் என்றால் வெளிநாட்டு வீரர்தான். ஓர் அணியில் அதிகபட்சம் 25 பேர், அதில் வெளிநாட்டவர் எட்டுக்கு மேல் கூடாது. களத்தில் நாலு பேர்தான் இறங்க முடியும். ஆக அவர் போட்டியிட வேண்டியது ஆஸ்திரேலியா, இங்கிலாந்து ஆட்களோடு.

பெயர் கொடுத்தாலே மேடையில் வாசிப்பார்கள் என்றும் இல்லை. 2024 மெகா ஏலத்துக்கு 1,574 பேர் பதிவு செய்தார்கள். அணிகள் கேட்டவர்களை வைத்துப் பட்டியலைச் சுருக்கி 577 ஆக்கினார்கள். விலைபோனது 182 பேர். ஆக முதல் வேலை, யாராவது ஓர் அணியின் ஆள் தேடும் குழுவுக்கு அவர் பெயர் தெரிய வேண்டும். விலை போடுவது அதற்கு அப்புறம்.

நம்ம ஊர்க்காரர் ஒருவர் போயிருக்கிறார், தெரியும்தானே? டிம் டேவிட். பிறந்தது இங்கே, சிங்கப்பூர் அணிக்கு ஆடினார், பிறகுதான் ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார்.

மஞ்சள் சட்டை | 15 டிசம்பர், இரவு 11.05

அக்கா, டிம் டேவிட்டைப் பார்த்து ஒரு பாடம் படிக்கலாம். 2022இல் அடிப்படை விலை 40 லட்சம் போட்டார், மும்பை 8.25 கோடிக்கு எடுத்தது. 2024இல் 2 கோடி போட்டார், பெங்களூரு அணியான ஆர்சிபி 3 கோடிக்கு எடுத்தது. விலையைக் குறைத்துப் போட்டால் நிறையப் பேர் கை தூக்குவார்கள், சூடு ஏறும். உயர்த்திப் போட்டால் ஆரம்பத்திலேயே பயந்துவிடுவார்கள். குறைவாகவே போடச் சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை | 15 டிசம்பர், இரவு 11.40

பாதி சரி. அடிப்படை விலை ஒரு வாசல்படி. அதைத் தாண்ட முடியாதவர்களை மட்டும் அது தடுக்கும். தாண்டிய பிறகு விலை எங்கே போய் நிற்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. விலையை முடிவு செய்வது இரண்டாவது ஆள். கடைசி வரை போட்டி போட்டு விட்டுக்கொடுக்கும் அந்த அணியிடம் எவ்வளவு பணம், எத்தனை காலி இடம், அதே வேலையைச் செய்யும் வேறு ஆள் பட்டியலில் பின்னால் இருக்கிறாரா, இதுதான் முக்கியம். 2022இல் மும்பைக்கு எதிராக நின்று ஏற்றிவிட ஆள் இருந்தார்கள். 2024இல் 3 கோடிக்கு மேல் போக யாரும் இல்லை. அதே ஆட்டக்காரர், அதே அடி.

வாசல்படி உண்மையிலேயே தடுப்பது ஏலத்தின் கடைசி மணி நேரத்தில். ஓர் அணியிடம் 90 லட்சம்தான் இருக்கிறது என்றால் 1 கோடி போட்டவரை அவர்கள் நினைத்தாலும் கேட்க முடியாது. அங்கே 30 லட்சக்காரருக்கு வாய்ப்பு. இப்போது குறைந்தபட்சம் 30, அதிகபட்சம் 2 கோடி. செங்காங் அக்கா பையன் போட்டால் 30 தான், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

ஈசூன்காரன் | 16 டிசம்பர், மாலை 4.20

இன்று சீக்கிரம் கிளம்பிவிட்டேன். தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். காகிதத்தில் எல்லா அணியின் கையிருப்பும் எழுதி வைத்திருக்கிறேன். கேகேஆர் 64.30, சிஎஸ்கே 43.40, ஹைதராபாத் 25.50, லக்னோ 22.95, டெல்லி 21.80, ஆர்சிபி 16.40, ராஜஸ்தான் 16.05, குஜராத் 12.90, பஞ்சாப் 11.50, மும்பை 2.75. யாராவது வாங்கினால் அடித்து எழுதப் போகிறேன். கணக்கப்பிள்ளை சொன்ன இரண்டாவது ஆள் யார் என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்கணும்.

ஈசூன்காரன் | 16 டிசம்பர், மாலை 5.50

கேமரன் கிரீன் 25.20 கோடி, கேகேஆர்.

பார்த்ததைச் சொல்கிறேன். 2 கோடியில் ஆரம்பித்தது. முதலில் கை தூக்கியது மும்பை! அவர்களிடம் இருப்பதே 2.75. ஓரிரு அடியில் அவர்கள் கதை முடிந்தது. பிறகு ராஜஸ்தானும் கேகேஆரும். ராஜஸ்தானிடம் 16.05 தான், ஆக அந்தச் சண்டைக்கு ஒரு கூரை இருந்தது, காகிதத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ராஜஸ்தான் விட்டதும் சிஎஸ்கே நுழைந்தது. 25 வரை வந்து நின்றார்கள். கிரீனின் விலையை எழுதியது கேகேஆர் இல்லை, சிஎஸ்கே.

பக்கத்து மேசையில் இருந்த அண்ணன் ஒருவர் 25.20 என்றதும் காப்பியைக் கீழே வைத்துவிட்டு "யாருப்பா இவ்வளவு கொடுத்தது" என்று எழுந்து வந்து திரையைப் பார்த்தார். காகிதத்தைக் காட்டினேன். ராஜஸ்தான் வரியில் விரலை வைத்து, "அப்போ இவங்க 16க்கு மேல கேட்கவே முடியாது, அதுக்கு அப்புறம் இவங்க ரெண்டு பேருதான்" என்றார். ஒரே நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

மஞ்சள் சட்டை | 16 டிசம்பர், மாலை 6.40

பத்திரனாவும் போயாச்சு. 18 கோடிக்கு கேகேஆர். 13க்கு இருந்த ஆள். மனசே சரியில்லை.

ஈசூன்காரன் | 16 டிசம்பர், இரவு 11.55

லிவிங்ஸ்டனைக் கவனித்தீர்களா? மாலையில் 2 கோடிக்கு ஒருவரும் கை தூக்கவில்லை. விலைபோகாதவர் பட்டியலில் போனார். இரவு மறுபடி பெயர் வந்தது, அதே 2 கோடியில். ஹைதராபாத் 13 கோடிக்கு எடுத்தது. அதே நாள், அதே ஆள், அதே அடிப்படை விலை. மஞ்சள் சட்டை தம்பி இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மஞ்சள் சட்டை | 17 டிசம்பர், காலை 8.30

சொல்கிறேன். மாலையில் எல்லோரும் பெரிய ஆள் பின்னால் வருவார் என்று பணத்தைப் பூட்டி வைத்தார்கள். இரவில் பட்டியல் தீர்ந்துவிட்டது, பணம் தீரவில்லை. ஹைதராபாத்திடம் 25.50 இருந்ததே. அடிப்படை விலை பற்றி நான் சொன்னதை இந்த ஒருவருக்காக முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். ரச்சின் ரவீந்திராவைப் பாருங்கள், எங்களிடம் 4 கோடிக்கு இருந்தார், இப்போது 2 கோடி போட்டார், கேகேஆர் அதே 2 கோடிக்கு எடுத்துவிட்டது. 50 லட்சம் போட்டிருந்தால் இன்னும் நாலு அணி வந்திருக்கும்.

கணக்கப்பிள்ளை | 17 டிசம்பர், இரவு 9.10

நாலு அணி வந்து 1.20க்கும் முடிந்திருக்கலாம் தம்பி. 2 கோடி போட்டதால் அவருக்கு அதில் 80 லட்சம் லாபம் என்றும் சொல்லலாம். ஒருவர் மட்டும் கேட்கும் இடத்தில் அடிப்படை விலைதான் சம்பளம். இது யாராலும் நிரூபிக்க முடியாத வழக்கு, விட்டுவிடுவோம்.

கிரீன் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேகேஆர் கையிருப்பிலிருந்து 25.20 முழுசாகக் கழிந்தது. ஆனால் கிரீனுக்குக் கிடைப்பது 18 கோடிதான். மினி ஏலத்தில் வெளிநாட்டு வீரருக்கு உச்சவரம்பு இருக்கிறது. தக்கவைப்பில் பெரிய படி 18, மெகா ஏலத்தில் பெரிய விலை பண்ட்டின் 27, இரண்டில் எது சிறிதோ அது. மிச்சம் 7.20 கோடி இந்திய வாரியத்துக்குப் போகும், வீரர்கள் நலனுக்கு என்று.

பெரிய வெளிநாட்டு வீரர்கள் மெகா ஏலத்தைத் தவிர்த்துவிட்டு, ஆள் குறைவாகவும் பணம் அதிகமாகவும் இருக்கும் மினி ஏலத்துக்கு மட்டும் வருகிறார்கள் என்று அணிகள் முறையிட்ட பிறகு வந்த விதி இது. விலை ஏறுவதை அது நிறுத்தவில்லை என்பதை நேற்றுப் பார்த்தோம். வீரர் கைக்குப் போவதை மட்டும் நிறுத்தியது.

ஈசூன்காரன் | 17 டிசம்பர், இரவு 10.20

அப்படியானால் என் காகிதத்தில் மூன்று வகைப் பணம் இருக்கிறது. கழியும் பணம், வீரருக்குப் போகும் பணம், அணி வெளியே கொடுக்கும் பணம். ரிங்கு, வருண், நரைன் மூவருக்கும் கழிந்தது 43, போனது 37. கிரீனுக்குக் கழிந்தது 25.20, போனது 18, ஆனால் அணி கொடுப்பது 25.20.

கிரீன், பத்திரனா, முஸ்தாபிசுர் 9.20. மூவருக்கும் 52.40. மிச்சம் 11.90ஐ வைத்துப் பத்து இடத்தை நிரப்பினார்கள். அந்த 6 கோடி இருந்திருந்தால் 17.90. இந்திய வேகப்பந்து ஆள் ஒருவரை இன்னும் நல்லவராக எடுத்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. அந்த மூவரையும் அடுத்த வருடமும் வைத்திருந்தால் இந்த 6 கோடி ஓட்டை அடுத்த வருடமும் தொடரும்.

பிடோக் கீப்பர் | 18 டிசம்பர், இரவு 7.30

ஐபிஎல் முடிந்தால் எங்கள் வழக்கை எடுங்கள். ஜனவரியில் எங்கள் லீக் ஏலம். நான் போட்ட மனுவால் விதியை மாற்றச் சம்மதித்திருக்கிறார்கள். என்ன மாற்றச் சொல்லலாம்?

கணக்கப்பிள்ளை | 18 டிசம்பர், இரவு 10.40

இரண்டு மாற்றம் போதும்.

முதலாவது, ஒவ்வொரு கேட்புக்கும் கூரை. கையில் இருக்கும் புள்ளியிலிருந்து, இந்த ஆளை எடுத்த பிறகும் நிரப்ப வேண்டிய இடங்களை அடிப்படை விலையால் பெருக்கிக் கழித்துவிட வேண்டும். வருவதுதான் அப்போது கேட்கக்கூடிய உச்சம். உங்கள் அணியையே எடுங்கள். 850இல் மூன்றாவது ஆளுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

பிடோக் கீப்பர் | 18 டிசம்பர், இரவு 10.48

முதல் இருவருக்கு 550. மூன்றாவது ஆளுக்கு 300.

கணக்கப்பிள்ளை | 18 டிசம்பர், இரவு 11.15

அந்த நேரத்தில் கையில் 450. அவரை எடுத்த பிறகு எட்டு இடம், 160 புள்ளி. உச்சம் 290. நீங்கள் 300 கேட்டீர்கள். ஏலம் விடுபவர் அந்த இடத்திலேயே "இந்த அணிக்கு 290க்கு மேல் முடியாது" என்று சொல்லியிருந்தால் பத்துப் பேரோடு ஆடியிருக்க மாட்டீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து ஒவ்வொரு விற்பனைக்குப் பிறகும் ஆறு அணியின் உச்சத்தையும் பலகையில் எழுதச் சொல்லுங்கள். ஐபிஎல்லில் குறைந்தது 18 பேர் வேண்டும் என்பதால் அங்கேயும் இந்தக் கணக்கு ஓடும், ஆனால் அணிகளிடம் பணம் நிறைய என்பதால் இடிக்காது. 12 பேர் வைத்திருந்த கேகேஆருக்கு இன்னும் ஆறு பேர் கட்டாயம். ஒருவரை எடுத்தபின் ஐந்து பேர், ஆளுக்கு 30 லட்சம் ஒதுக்கினாலும் ஒன்றரைக் கோடிதான்.

இரண்டாவது, தலைவருக்கு விலை. 2008 முதல் ஏலத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சச்சின், கங்குலி, டிராவிட், யுவராஜ், சேவாக் ஐவரும் அந்தந்த ஊருக்கு ஏலமில்லாமல் போனார்கள். இலவசமாக அல்ல. அணியில் அதிக விலைக்கு வாங்கியவரைவிட 15 சதவீதம் அதிகம் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஓர் அணிக்கு மொத்தமே 50 லட்சம் டாலர். தோனியை 15 லட்சம் டாலருக்கு மும்பை எடுத்திருந்தால் சச்சினுக்கு 17.25 லட்சம். இருவருக்கே 32.25 லட்சம் போய்விடும். சென்னைக்கு அப்படி ஒருவரும் இல்லை. அதனால் அவர்களுக்கு 15 லட்சம் என்றால் 15 லட்சம்தான்.

மஞ்சள் சட்டை | 18 டிசம்பர், இரவு 11.25

இது எனக்குத் தெரியாது! தோனி எங்களுக்கு வந்ததில் 15 சதவீதத்துக்கும் பங்கு இருக்கிறதா. இதற்காகவே இந்த இழையை முழுக்கப் படித்தேன் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஈசூன்காரன் | 19 டிசம்பர், காலை 7.05

கீப்பர் லீக்குக்கு அந்த 15 சதவீத விதியைப் போட்டுப் பார்த்தேன். தலைவர் இலவசம் என்றால் ஓர் அணி ஒருவருக்கு 800 வரை போகலாம், மிச்சம் பத்துப் பேரை 20க்கு எடுக்கலாம். தலைவருக்கு 15 சதவீதம் அதிகம் கொடுக்க வேண்டும் என்றால் அந்த 800ஐ இருவருக்குப் பங்கிட வேண்டும். ஒருவருக்கு 372க்கு மேல் போக முடியாது, தலைவருக்கு 428 ஆகிவிடும். பணத்தை இறைக்கும் பழக்கம் தானாக அடங்கும்.

ஆனால் ஒரு சங்கடம். கீப்பருடைய தலைவர் பந்தைக் கண்டால் ஒதுங்குபவர். அவருக்கும் 15 சதவீதம் அதிகமா?

பிடோக் கீப்பர் | 19 டிசம்பர், மதியம் 1.00

அதைத்தான் நானும் கேட்க வந்தேன். இந்த விதியில் நாங்கள்தான் அதிகம் அடிபடுவோம். எங்கள் தலைவர் 20 புள்ளி ஆள்.

கணக்கப்பிள்ளை | 19 டிசம்பர், இரவு 9.50

அப்போது படிக்கணக்குக்குப் போங்கள். தலைவர்களை ஆட்டத்திறமைப்படி மூன்று படியாக வைத்து 200, 100, 20 என்று கழியுங்கள். யார் எந்தப் படி என்பதை ஆறு தலைவர்களும் சேர்ந்து முடிவு செய்யட்டும். சண்டை வரும், ஆனால் ஏலத்துக்கு முன்னால் வரும்.

செங்காங் அம்மா | 20 டிசம்பர், காலை 11.20

பையனிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். 30 லட்சம், வெளிநாட்டவர் எட்டு இடம் எல்லாம் சொன்னேன். முதலில் பிடோக் அண்ணன் லீக்கில் 20 புள்ளிக்கு யாராவது எடுப்பார்களா என்று கேட்கச் சொல்கிறான். கம்பெனி ஆள்கள் மட்டும்தானா, வெளியாட்களும் பெயர் கொடுக்கலாமா?

பிடோக் கீப்பர் | 20 டிசம்பர், மதியம் 12.05

அணிக்கு இரண்டு வெளியாள் வரைக்கும் அனுமதி இருக்கிறதுங்க. ஜனவரி ஏலத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். வேகப்பந்து என்று எழுதச் சொல்லுங்கள், பேட்டிங்கும் தெரியும் என்றால் அதையும். இந்தத் தடவை எங்களிடம் புள்ளி மிச்சம் இருக்கும்.